பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்று, ரசீது வரவில்லை: அலுவலகத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

நொய்யல் | 19.06.2025, இரவு 10.12

மகள் மூன்றாம் வகுப்பு. முதல் பருவக் கட்டணம் ரூ.18,500. கடைசி நாள் 15. நான் 12ஆம் தேதி இரவே பள்ளியின் இணையதளத்தில் யூபிஐ மூலம் கட்டிவிட்டேன். கைப்பேசியில் பச்சை நிற டிக் விழுந்தது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வந்தது. பள்ளியின் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் வெள்ளையாக நின்றுவிட்டது. மறுநாள் பார்த்தால் மகளின் பெயருக்கு எதிரே `Pending` என்று இருக்கிறது.

16ஆம் தேதி நேரில் போனேன். எழுத்தர் அம்மா வங்கிக் கணக்குத் தாளைப் புரட்டி, "ரூ.18,500 என்று எதுவும் வரவே இல்லை சார். வேண்டுமானால் இன்னொரு முறை கட்டிவிடுங்கள், முதலில் கட்டியது தானாகத் திரும்பி வந்துவிடும்" என்றார். இன்னொரு 18,500 என் சட்டைப்பையில் காத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார் போலும்.

கடிதமாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் எழுதியது இது: "தங்கள் பள்ளியின் மீது பெரும் நம்பிக்கை வைத்து என் மகளைச் சேர்த்த எனக்கு நேர்ந்த மன உளைச்சலைச் சொல்லி மாளாது. கட்டிய பணத்துக்கு ரசீது தராமல் அலைக்கழிப்பது எந்த வகையில் நியாயம்?" இப்படியே ஒன்றரைப் பக்கம். ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்து இணைத்திருக்கிறேன். போதுமா?

வெண்டைக்காய் | 19.06.2025, இரவு 10.31

ஒன்றரைப் பக்கத்தில் கட்டிய தேதி எங்கே இருக்கிறது என்று தேடினேன். இரண்டாம் பக்கத்தில், மன உளைச்சலுக்குக் கீழே, மூன்றாவது வரியில் கிடைத்தது.

சட்டப்புள்ளி | 19.06.2025, இரவு 11.05

கடிதமே வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. யூபிஐ மூலம் கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டி, பணம் நம் கணக்கில் கழிந்து, அவர்களுக்கு உறுதி போகவில்லை என்றால் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. 12இல் கட்டினீர்கள், 17உடன் கெடு முடிந்தது. இன்றைய கணக்கில் உங்களுக்கு ரூ.200 சேர்ந்திருக்கிறது. வங்கியின் மீது புகார் போடுங்கள். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் `cms.rbi.org.in` இருக்கிறது.

மல்லிகைப்பந்தல் | 20.06.2025, காலை 6.40

எனக்கும் இதே கதிதான். மகனின் விடுதிக் கட்டணம் இரண்டு முறை கழிந்துவிட்டது. ஒன்றைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன், நான்கு மாதம் கழித்து வந்தது. நீங்களும் "கூடுதலாகக் கட்டிய தொகையைத் திருப்பித் தரவும்" என்று எழுதுங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் கிளைக் குறியீட்டையும் மறக்காமல் போடுங்கள். நான் போடாமல் விட்டதில் ஒரு மாதம் போயிற்று.

நொய்யல் | 20.06.2025, காலை 8.15

அம்மா, நான் ஒரு முறைதான் கட்டினேன். எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், ரசீதுதான் வேண்டும்.

ஐந்து நாள் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதே கைப்பேசிச் செயலியில் புகார் பதிந்துவிட்டேன்.

பேரேடு | 20.06.2025, மதியம் 1.50

பதினொரு ஆண்டு ஒரு பள்ளியின் கணக்குப் பிரிவில் இருந்தேன், இப்போது ஓய்வு. மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் கடிதம் தானாக எழுதிக்கொள்ளும்.

நீங்கள் கட்டிய பணம் நேராகப் பள்ளியின் வங்கிக் கணக்குக்குப் போகவில்லை. நடுவில் ஒரு பேமெண்ட் கேட்வே நிறுவனம் இருக்கிறது. அன்று கட்டிய எல்லாப் பெற்றோரின் பணத்தையும் அது வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு வேலை நாளில் ஒரே மொத்தத் தொகையாகப் பள்ளிக்கு அனுப்பும். நாற்பது பேர் கட்டியிருந்தால் வங்கித் தாளில் நாற்பது வரி இருக்காது, ஆறரை லட்சம் என்று ஒரே வரிதான் இருக்கும். அந்தத் தாளில் ரூ.18,500ஐத் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, தப்பான இடத்தில் தேடுகிறார். கடைசி வாரத்தில் முந்நூறு பெற்றோர் வரிசையில் நின்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். செய்தும் இருக்கிறேன்.

தேட வேண்டிய இடம் கேட்வே நிறுவனத்தின் பக்கம். பள்ளியில் யாரோ ஒருவரிடம்தான் அதன் கடவுச்சொல் இருக்கும். பெரும்பாலும் கணக்காளரிடம், சில பள்ளிகளில் மென்பொருள் போட்டுக் கொடுத்த ஆளிடம். அங்கே ஒவ்வொரு கட்டணமும் தனித்தனி வரியாக இருக்கும். அந்த வரியைப் பிடிக்க மிகச் சுலபமான பிடி `Order ID`. உங்கள் வங்கி தரும் 12 இலக்க யூபிஐ எண் இரண்டாவது பிடி. ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் பச்சை டிக்கை வைத்து அவர் எதையும் தேட முடியாது.

உங்கள் பக்கத்தில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்: பணம் கேட்வே வரை போய்விட்டது. "வந்துவிட்டது" என்று கேட்வே பள்ளியின் மென்பொருளுக்குச் சொல்லும் செய்தி வந்து சேரவில்லை. நீங்கள் பார்த்த வெள்ளைப் பக்கம் அந்த நேரம்தான். மென்பொருள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் `Pending`.

சட்டப்புள்ளி சொன்ன விதி உண்மையான விதிதான், இந்த இடத்துக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி. கேட்வேயிடம் பணம் சேர்ந்து, உறுதியும் ஆகிவிட்டதென்றால் அது தோற்ற பரிமாற்றம் இல்லை. திரும்பி வர அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை மட்டும் கட்டிவிடாதீர்கள்.

சட்டப்புள்ளி | 20.06.2025, மாலை 4.22

பள்ளியின் மென்பொருளுக்கு உறுதி போகவில்லை என்பதும் உறுதி போகாததுதானே? அந்தச் சுற்றறிக்கையை அப்படியும் படிக்கலாம்.

பேரேடு | 20.06.2025, மாலை 5.03

படிக்கலாம். வங்கி அப்படிப் படிக்காது. உங்கள் வாசிப்பை வைத்து வாதாடிக்கொண்டிருந்தால் ரசீது தீபாவளிக்கு வரும்.

நொய்யல் | 20.06.2025, இரவு 9.48

`Order ID`யை எங்கே தேடுவது? பக்கம்தான் வெள்ளையாகப் போய்விட்டதே.

நொய்யல் | 20.06.2025, இரவு 10.20

நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். மின்னஞ்சலில் குப்பைப் பெட்டியில் கிடந்தது. கட்டணப் பொத்தானை அழுத்திய அடுத்த நிமிடமே கேட்வே அனுப்பிய மடல். பள்ளியின் பெயர் அனுப்பியவர் இடத்தில் இல்லை, ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்ததால் விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிட்டது. அதிலேயே `Order ID`, தொகை, நேரம் எல்லாம் இருக்கின்றன. ஒரு வாரமாக என் பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

வங்கித் தாளையும் எடுத்துப் பார்த்தேன். நடு இலக்கங்களை மறைத்திருக்கிறேன்:

```
12-06-2025  UPI/DR/5163XXXX4057  18,500.00
```

பேரேடு | 21.06.2025, காலை 7.30

நல்லது. அந்த எண்ணின் முதல் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 5163. பெரும்பாலான யூபிஐ எண்களில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2025, 163ஆவது நாள். ஜூன் 12 சரியாக 163ஆவது நாள்தான். நான் வேலையில் இருந்தபோது பழைய ரசீதைக் காட்டி "நேற்றுதான் கட்டினேன்" என்று வந்தவர்களை இதை வைத்துத்தான் பிடிப்பேன். உங்களைச் சந்தேகப்படவில்லை, எழுத்தருக்கும் சந்தேகம் வராது என்று சொல்கிறேன்.

வெண்டைக்காய் | 21.06.2025, காலை 7.44

என் பழைய எண்களை எல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரை போட நேரமாகிவிட்டது என்று வீட்டில் கத்துகிறார்கள்.

நொய்யல் | 21.06.2025, இரவு 8.55

இரண்டாவது முறை எழுதியது. மன உளைச்சல் முழுவதையும் வெட்டிவிட்டேன். பெயர்களை இங்கே எடுத்துவிட்டேன்.

> அனுப்புநர்: (பெற்றோர் பெயர், முகவரி, கைப்பேசி எண்)
>
> பெறுநர்: அலுவலக மேலாளர், (பள்ளியின் பெயர்)
>
> நாள்: 21.06.2025
>
> பொருள்: முதல் பருவக் கட்டணம் ரூ.18,500 இணையவழியில் செலுத்தியது – ரசீது கோருதல் – தொடர்பாக.
>
> பார்வை: 16.06.2025 அன்று அலுவலகத்தில் நேரில் தெரிவித்தது.
>
> மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,
>
> என் மகள் (பெயர்), மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, சேர்க்கை எண் (எண்). இவருக்கான முதல் பருவக் கட்டணம் ரூ.18,500ஐ 12.06.2025 இரவு 9.41 மணிக்குப் பள்ளியின் இணையதளம் வழியாக யூபிஐ மூலம் செலுத்தினேன். தொகை என் கணக்கில் கழிந்துள்ளது, இன்றுவரை திரும்ப வரவில்லை. பள்ளியின் பக்கத்தில் `Pending` என்றே காட்டுகிறது, ரசீதும் உருவாகவில்லை.
>
> `Order ID`: (எண்)
> `UPI Ref No`: (12 இலக்க எண்)
>
> பேமெண்ட் கேட்வே வழியாகச் செலுத்தும் தொகை பள்ளியின் வங்கிக் கணக்கில் மற்றவர்களின் தொகையோடு சேர்த்து மொத்தமாக வரவாகக்கூடும் என்பதால், மேற்கண்ட `Order ID`யைக் கொண்டு கேட்வேயின் பக்கத்தில் சரிபார்க்கும்படி வேண்டுகிறேன். தொகை வந்திருப்பின், செலுத்திய நாளான 12.06.2025 தேதியிட்டு, கல்விக் கட்டணத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் தனித்தனியே காட்டி ரசீது வழங்கும்படியும், அதுவரை தாமதக் கட்டணம் விதிக்காதிருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். வரவில்லை எனில் அதை எழுத்தில் தெரிவித்தால் என் வங்கியை அணுக உதவியாக இருக்கும்.
>
> இணைப்பு: 1. கேட்வே அனுப்பிய மின்னஞ்சல். 2. வங்கிக் கணக்குத் தாள், 12.06.2025 முதல் இன்றுவரை.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)

திண்ணை வாத்தியார் | 21.06.2025, இரவு 9.30

"அனுப்புநர்" என்று சரியாக எழுதிய ஒருவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எல்லோரும் "அனுப்புனர்" என்றே எழுதுகிறார்கள். பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர், எல்லாவற்றிலும் ‘ந’தான். மற்றபடி கட்டண விவகாரம் எனக்குத் தெரியாது.

பேரேடு | 21.06.2025, இரவு 9.52

இது கடிதம். அந்தக் கடைசி வரியைத் தொடவே தொடாதீர்கள். "வரவில்லை எனில் எழுத்தில் தெரிவிக்கவும்" என்றால், எழுதித் தருவதற்கு முன் ஒரு முறையாவது உள்ளே போய்ப் பார்ப்பார்கள். வாய்ச்சொல்லாக "வரவில்லை" என்பது சுலபம்.

வங்கித் தாளை ஒரு நாளுக்கு மட்டும் கொடுக்காமல் இன்றுவரை கொடுத்ததும் சரி. பணம் திரும்பவில்லை என்பதற்கு அதுதான் சான்று. கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத வரிகளைக் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். உங்கள் மளிகைக் கணக்கு அலுவலகத்துக்குத் தேவையில்லை.

இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றில் "பெறப்பட்டது" என்று எழுதித் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை அலுவலக மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் | 22.06.2025, காலை 6.15

பேருந்துக் கட்டணத்தைத் தனியாகக் காட்டச் சொன்னது எதற்கு? எல்லாம் ஒரே பணம்தானே.

நொய்யல் | 22.06.2025, காலை 9.10

வருமான வரிக்கு அம்மா. நான் இன்னும் பழைய முறையில்தான் வரி கட்டுகிறேன். 80சி பிரிவில் கல்விக் கட்டணத்தைக் காட்டலாம், இரண்டு பிள்ளைகள் வரை. பேருந்துக் கட்டணத்தைக் காட்ட முடியாது. வளர்ச்சி நிதி, நன்கொடை போன்றவையும் சேராது. ரூ.18,500இல் 15,000 கல்விக் கட்டணம், 3,500 பேருந்து. வங்கித் தாளில் இந்தப் பிரிப்பு இல்லையே. சென்ற ஆண்டு மொத்தமாகப் போட்ட ரசீதைக் கொடுத்து, நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எரிச்சல்தான்.

சட்டப்புள்ளி | 22.06.2025, காலை 11.40

ரசீது தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள்.

பேரேடு | 22.06.2025, மதியம் 12.15

அரசு உதவி பெறாத தனியார் பள்ளி அந்தச் சட்டத்தின் கீழ் நேரடியாக வராது. மனு போட்டால் கல்வித் துறை அலுவலகத்துக்குத்தான் போட முடியும், அவர்களிடம் உங்கள் ரசீது எப்படி இருக்கும்? தனியார் பள்ளிக் கட்டணத்துக்கென்று 2009ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டண நிர்ணயக் குழுவும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் குழுவின் முதல் வேலை எவ்வளவு வாங்கலாம் என்பது. இங்கே யாரும் கூடுதலாகக் கேட்கவில்லை. மென்பொருள் விக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

நொய்யல் | 23.06.2025, மாலை 6.30

கொடுத்துவிட்டேன். எழுத்தர் அம்மா மேலாளர் அறைக்குள் கொண்டுபோனார், முத்திரையோடு படி திரும்பி வந்தது. `Order ID` இருக்கும் வரியை அவர் விரலால் தொட்டுப் படித்ததைப் பார்த்தேன். "இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே சார்" என்றார். முதலில் நீங்கள் கேட்கவில்லையே அம்மா என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

நொய்யல் | 24.06.2025, இரவு 9.05

செயலியில் போட்ட புகாருக்குப் பதில் வந்திருக்கிறது: பணம் வெற்றிகரமாக வணிகருக்குச் சேர்ந்துவிட்டது, வணிகரை அணுகவும். சட்டப்புள்ளிக்கு ரூ.200 கிடையாது. பேரேடு ஐயா சொன்னதுதான்.

பேரேடு | 24.06.2025, இரவு 9.40

அந்தப் பதிலையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே நல்ல சான்று. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்: ரசீது கேட்டுக்கொண்டே பணத்தைத் திருப்பிக் கேட்கும் தகராறையும் தொடர்ந்து நடத்தாதீர்கள். என் காலத்தில் ஒருவர் கடன் அட்டையில் கட்டிவிட்டு இரண்டையும் செய்தார். நாங்கள் ரசீது போட்டுக் கொடுத்தோம், ஆறு வாரம் கழித்து கேட்வே அந்தத் தொகையை எங்களிடமிருந்து பிடித்துவிட்டது. ரசீது அவர் கையில், பணமும் அவர் கையில், கட்டண பாக்கி எங்கள் பேரேட்டில். அவரும் வேண்டுமென்று செய்யவில்லை.

நொய்யல் | 24.06.2025, இரவு 9.58

செயலியில் அந்தப் புகாரை முடித்துவிட்டேன்.

நொய்யல் | 03.07.2025, மாலை 7.20

ரசீது வந்துவிட்டது, முழுதாக இல்லை.

இன்று அழைத்தார்கள். கணக்காளர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாராம், அதனால்தான் இத்தனை நாள். என் கண் முன்னாலேயே கேட்வேயின் பக்கத்தைத் திறந்து எண்ணைத் தட்டினார். நான்கு விநாடி. ரூ.18,500, ஜூன் 12, `Captured`. 13ஆம் தேதி மொத்தத் தொகையோடு பள்ளிக் கணக்குக்கும் வந்திருக்கிறது. அந்த இரவில் மட்டும் இதேபோல் எட்டுப் பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் மறுபடி கட்டிவிட்டார்களாம்.

அவர் மென்பொருளில் கையாலேயே "செலுத்தப்பட்டது" என்று மாற்றினார். அச்சு இயந்திரம் ரசீதைத் துப்பியது. கல்வி 15,000, பேருந்து 3,500 என்று தனித்தனியாகவே இருந்தது. தேதியைப் பார்த்தேன்: 03.07.2025. அதன் கீழே தாமதக் கட்டண பாக்கி ரூ.900. ஜூன் 16 முதல் இன்று வரை பதினெட்டு நாள், நாளுக்கு ரூ.50.

வெண்டைக்காய் | 03.07.2025, மாலை 7.33

நாளுக்கு ரூ.100 வாங்கப் போனவர் ரூ.50 கட்டி வந்தார்.

பேரேடு | 03.07.2025, இரவு 8.10

கையால் மாற்றினால் அன்றைய தேதியைத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். செலுத்திய தேதிக்கென்று தனிக் கட்டம் இருக்கும், அதை நிரப்ப மறந்திருப்பார். ரசீதை ரத்து செய்து மீண்டும் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் அதே ரசீதில் "தொகை பெறப்பட்ட நாள் 12.06.2025" என்று எழுதிக் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் அந்தத் தேதியைக் கேட்டிருக்கிறீர்கள், படியில் முத்திரை இருக்கிறது. அதைக் காட்டினால் போதும்.

நொய்யல் | 05.07.2025, காலை 11.25

ரத்து செய்ய முதல்வரின் ஒப்புதல் வேண்டுமாம், அவர் ஊரில் இல்லை. கையால் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். நீல மையில், கொஞ்சம் சாய்வாக, "12.06.2025" என்று. எழுத்தர் அம்மாவே எழுதினார். கூடவே, மற்ற ஏழு பெற்றோருக்கும் `Order ID` கேட்டு அன்று காலைதான் குறுஞ்செய்தி அனுப்பியதாகச் சொன்னார்.

ரூ.900 மட்டும் பள்ளியின் பக்கத்தில் இன்னும் சிவப்பு நிறத்தில் நிற்கிறது. அடுத்த பருவத்தில் தானாக மறைந்துவிடும் என்கிறார்கள்.

மல்லிகைப்பந்தல் | 05.07.2025, மதியம் 12.02

தானாக எதுவும் மறையாது. எழுதி வாங்குங்கள்.

நொய்யல் | 05.07.2025, மதியம் 12.09

திங்கட்கிழமை போகிறேன். இந்த முறை கடிதம் மூன்று வரிதான்.